கப்பலில் வந்த சொற்கள்

அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸில் பேசப்படுவது ஸ்பானிய மொழிதான். ஆனாலும் ஸ்பெயினிலிருந்து அங்கே போகும் ஒருவருக்குத் தெருப்பேச்சில் பல சொற்கள் பிடிபடாது. வேலைக்கு ‘த்ரபாஹோ’ என்று அவர் வீட்டில் சொல்வார்கள். இங்கே ‘லபூரோ’ என்கிறார்கள். சாப்பிடுவது ‘மோர்ஃபார்’, சிறுவன் ‘பீபெ’, சோம்பல் ‘ஃபியாக்கா’, கையில் புழங்கும் பணம் ‘கீத்தா’. இப்படி ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட இந்தத் தொகுதிக்கு லுன்ஃபார்தோ என்று பெயர். இதில் கணிசமான பகுதி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலிய உழைப்பாளிகளோடு வந்து இறங்கியது.

இந்தப் பேச்சைப் பற்றி வெளியாட்கள் சொன்ன தீர்ப்புகள் மூன்று. நாடகக்காரர்கள் இதைக் கோமாளிப் பேச்சு என்றார்கள். காவல்துறையும் சட்டம் படித்தவர்களும் திருடர்களின் ரகசிய மொழி என்றார்கள். இலக்கணத் தூய்மை பேசியவர்கள் ஸ்பானிய மொழியை அரிக்கும் நோய் என்றார்கள். மூன்று தீர்ப்புமே பிழையானவை. அந்தப் பிழைகள் எப்படி நேர்ந்தன என்பது, அந்தச் சொற்கள் பிறந்த இடத்தைப் பார்த்தால் விளங்கும்.

ஒரு முற்றம், பல ஊர்கள்

அர்ஜென்டினாவின் 1853-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், ஐரோப்பியக் குடியேற்றத்தை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 25-ஆவது பிரிவில் எழுதி வைத்தது. நிலம் பரந்து கிடந்தது. உழைக்க ஆள் இல்லை. ஐரோப்பாவிலோ, குறிப்பாக இத்தாலியில், ஆள் இருந்தும் பிழைக்க வழி இல்லை. 1914-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்போது பியூனஸ் அயர்ஸின் மக்கள்தொகை 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல்.

‘இத்தாலியர்’ என்று கணக்கெடுப்பு சொன்னாலும் அவர்களுக்குள் பொதுவான பேச்சு கிடையாது. இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். அப்போது பள்ளியில் சொல்லித்தரப்படும் இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஜெனோவாக்காரர் ஜெனோவாப் பேச்சு பேசினார். நேப்பிள்ஸ்காரர் நேப்பிள்ஸ் பேச்சு பேசினார். கலாப்ரியா, சிசிலி, பியட்மான்ட் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பேச்சு இருந்தது. வடக்கே இருப்பவர் பேசுவது தெற்கே இருப்பவருக்குப் புரியாது. சொந்த நாட்டில் சந்தித்தே இராத இந்த ஆட்கள் பியூனஸ் அயர்ஸில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கூரைக்குப் பெயர் ‘கொன்வென்தீயோ’. 1871-இல் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, தென்பகுதியில் இருந்த செல்வர்கள் தங்கள் பெரிய வீடுகளை விட்டு வடக்கே குடிபெயர்ந்தார்கள். அந்த வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். நடுவில் ஒரு முற்றம். தண்ணீர், கழிப்பிடம், துணி துவைக்கும் இடம் எல்லாம் பொது. முற்றத்தில் நேப்பிள்ஸ்காரப் பெண் துவைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்தவர் நிற்பார். அவருக்கு அப்பால் உள்ளூரில் பிறந்தவர் இருப்பார். வாடகைச் சண்டையோ கடன் கேட்பதோ, எதற்கும் ஒரு பொதுப் பேச்சு வேண்டியிருந்தது. அது ஸ்பானிய மொழியாகத்தான் இருக்க முடியும். அவரவர் எட்டிய அளவுக்கு ஸ்பானியம் பேசினார்கள்.

பாதி வழியில் நின்ற பேச்சு

இத்தாலிய வட்டாரப் பேச்சுகளும் ஸ்பானிய மொழியும் லத்தீனிலிருந்து பிறந்தவை. சொல், இலக்கணம் இரண்டிலும் நெருக்கம் அதிகம். இந்த நெருக்கம் புதிதாக வந்தவருக்கு ஒரு வசதியைத் தந்தது: முழுதாகக் கற்காமலே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஸ்பானியத்தைக் கற்றே ஆக வேண்டும். இத்தாலியரோ பாதி வழி வந்ததும் எதிராளிக்குப் புரிந்துவிடுவதால் அங்கேயே நின்றுகொள்ள முடிந்தது. அப்படிப் பாதி வழியில் நின்றவர்களின் பேச்சுக்குத்தான் பிற்பாடு ‘கொகொலீச்செ’ என்று பெயர் வந்தது.

அது எப்படி இருந்தது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தொண்டையில் உரசி வரும் ஸ்பானிய ‘ஹ’ ஒலி இத்தாலியருக்குப் பழக்கமில்லை. அதனால் பெண்ணைக் குறிக்கும் ‘முஹேர்’ அவர்கள் வாயில் ‘முக்கேர்’ ஆனது. ஸ்பானியச் சொற்களில் பன்மையைக் காட்டுவது இறுதியில் வரும் ‘ஸ்’. இத்தாலியப் பேச்சுகளில் பன்மைக்கு ஈற்று உயிர்தான் மாறும், ‘ஸ்’ வராது. எனவே ‘லோஸ் லீப்ரோஸ்’ என்ற ‘புத்தகங்கள்’, ‘லோ லீப்ரோ’ என்று நின்றது. ‘என் பெயர்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘மே யாமோ’, இத்தாலியத்தில் ‘மி கியாமோ’. இரண்டும் ஒட்டி ‘மே கியாமோ’ வந்தது.

நெருக்கம் குழியும் வெட்டியது. இத்தாலியத்தில் ‘புர்ரோ’ என்றால் வெண்ணெய், ஸ்பானியத்தில் கழுதை. இத்தாலியத்தில் ‘சலீரெ’ என்றால் ஏறுதல். ஸ்பானியத்தில் ‘சலீர்’ என்றால் வெளியே போதல். மளிகைக் கடையில் வெண்ணெய் கேட்டவர் கழுதை கேட்டவரானார்.

கொகொலீச்செக்கு நிலையான வடிவம் கிடையாது. வந்து ஒரு மாதம் ஆனவர் பேசியது ஏறக்குறைய இத்தாலியம். இருபது ஆண்டு இருந்தவர் பேசியது ஏறக்குறைய ஸ்பானியம். இரண்டுக்கும் நடுவே ஆளுக்கு ஒரு படி. மாலையில் ஊர்க்காரரோடு பேசும்போது ஒருவரே ஒரு படி கீழே இறங்குவார். மறுநாள் முதலாளியோடு பேசும்போது ஒரு படி மேலே ஏறுவார். ஆகவே இதைத் தனி மொழி என்பதைவிட, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருந்த படிக்கட்டு என்பதே சரி. குழந்தைகள் அந்தப் படிக்கட்டில் நிற்கவில்லை. 1884-இல் வந்த 1420-ஆம் எண் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கியது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளைப் போலவே ஸ்பானியம் பேசினார்கள். பெற்றோரின் தடுமாற்றம் பிள்ளைகளுக்கு வரவில்லை. அவர்களுடைய சொற்களில் ருசியானவை மட்டும் வந்தன. கொகொலீச்செ மெல்ல மறைந்தது. லுன்ஃபார்தோ தங்கியது.

மேடையின் காது

கொகொலீச்செ என்ற பெயரே ஒரு கேலியில் பிறந்தது. பொதெஸ்தா சகோதரர்கள் சர்க்கஸ் கூடாரங்களில் நாடகம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். கட்டாயத்தால் குற்றவாளியாகிப்போன ஒரு கிராமத்துக் குதிரைவீரனின் கதையான ‘ஹுவான் மொரேய்ரா’ அவர்களுடைய புகழ்பெற்ற நாடகம். குழுவில் கூலி வேலை செய்த ஒருவர் கலாப்ரியாவைச் சேர்ந்தவர். குடும்பப் பெயர் கொக்கொலிக்கியோ. நடிகர்கள் அவர் பேச்சைப் பழித்துக் காட்டி விளையாடுவார்கள். 1890 வாக்கில் செலெஸ்தீனோ பெத்ராய் என்ற நடிகர் ஒரு நோஞ்சான் குதிரை மீது ஏறிக்கொண்டு, உள்ளூர் வீரனைப் போல உடுத்தி, அந்தக் கூலியாளைப் போலப் பேசிக்கொண்டு மேடைக்கு வந்தார். கூடாரம் சிரிப்பில் அதிர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் நாடகத்தில் நிலைத்தது. திருவிழாக்களில் அதுவே வேடமானது. நாளடைவில் குடியேறியவர்கள் அத்தனை பேரின் பேச்சுக்கும் அதுவே பெயரானது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ‘சைனேத்தே’ எனப்படும் குறுநாடகங்கள் நகரத்தில் பெருகின. களம் பெரும்பாலும் கொன்வென்தீயோவின் முற்றம். அங்கே வரும் இத்தாலியர் எப்போதும் ஒரே மாதிரிதான் பேசுவார். எந்த ஒலியைத் திரித்தால் சிரிப்பு வரும் என்று எழுத்தாளருக்கும் நடிகருக்கும் தெரியும்; தேவைக்கு மேலேயே திரித்தார்கள். நிஜ மனிதர் ஒரே உரையாடலில் நான்கு படி ஏறி இறங்குவார். மேடை மனிதர் எப்போதும் கீழ்ப்படியிலேயே நின்றார்.

பார்வையாளர்கள் இதையே உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டாக அந்த நகரத்தில் கடை நடத்தும் ஒருவர், கணக்கு வழக்கு எல்லாம் ஸ்பானியத்தில் பார்ப்பவர், வாய் திறந்தால் மேடைக் கோமாளி நினைவுக்கு வந்தார். ஆய்வாளர்களுக்கும் இது சிக்கலைத் தந்தது. முற்றத்தில் பேசியதை அன்று யாரும் பதிவு செய்யவில்லை. எழுத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி நாடகப் பிரதிகள்தான். 1950-களில் ஜொவான்னி மெயோ ஸிலியோ போன்ற மொழியியலாளர்கள் அப்போது உயிரோடு இருந்த குடியேறிகளின் பேச்சை ஆராய்ந்த பிறகே, மேடைப் பேச்சும் வாழ்ந்த பேச்சும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று.

மேடையே இதைத் திருத்தவும் முயன்றது. நேப்பிள்ஸிலிருந்து வந்த ஓர் இசைக்கலைஞரின் மகனான அர்மாந்தோ தீசேப்போலோ, ‘மத்தேயோ’ (1923), ‘ஸ்தேஃபனோ’ (1928) ஆகிய நாடகங்களில் அதே கலப்புப் பேச்சைத் தோற்றுப்போன மனிதர்களின் வாயில் வைத்தார். சிரிக்க வந்தவர்கள் பாதியில் சிரிப்பை விழுங்க வேண்டியிருந்தது.

காவல் நிலையத்தின் காது

இரண்டாவது தீர்ப்புதான் அதிக காலம் நிலைத்தது. 1878 ஜூலையில் ‘லா ப்ரென்சா’ நாளிதழ் ‘திருடர்களின் வட்டார மொழி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கைதிகளிடம் கேட்ட சொற்களும் அவற்றின் பொருளும் அதில் இருந்தன. மறு ஆண்டு ‘லா நசியோன்’ இதழில் பெனீக்னோ லுகோனெஸ், நகரத் திருடர்களின் வழக்கங்களைப் பற்றி எழுதி இன்னும் பல சொற்களைச் சேர்த்தார். 1894-இல் சட்டம் படித்த அந்தோனியோ தெய்யெப்பியானெ எழுதிய நூலின் தலைப்பே ‘குற்றத்தின் மொழி’.

இந்தப் பட்டியல்களில் ‘லுன்ஃபார்தோ’ என்ற சொல்லுக்குத் திருடன் என்பதே பொருள். இத்தாலியின் லொம்பார்தி பகுதியைக் குறிக்கும் ‘லொம்பார்தோ’ என்ற சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வட்டிக்கடை நடத்திய லொம்பார்திக்காரர்கள் மீது இருந்த வெறுப்பால் அந்த ஊர்ப்பெயர் ஏற்கெனவே வசைச்சொல் ஆகியிருந்தது. ஆக, திருடனைக் குறித்த சொல் அவன் பேச்சைக் குறித்தது. பிறகு அந்தச் சொற்களைப் பேசிய எல்லோரின் மேலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அக்காலத்துக் குற்றவியலும் இதற்குத் துணை நின்றது. இத்தாலிய மருத்துவரான செசாரெ லொம்ப்ரோசோ, குற்றவாளிகள் பிறவியிலேயே பின்தங்கியவர்கள், அவர்களுடைய கொச்சைப் பேச்சு அதற்கு ஒரு சான்று என்று எழுதியிருந்தார். பியூனஸ் அயர்ஸின் சட்டத்துறையில் அவருக்குப் பெரும் மதிப்பு. கொச்சைச் சொல்லைக் கேட்டவுடன் குற்ற மனம் தெரிகிறது என்று நம்புவதற்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

பிழை நேர்ந்தது சொற்களைத் திரட்டிய முறையில். கேட்டவர்கள் காவலர்கள், சொன்னவர்கள் கைதிகள். பூட்டு, கைக்கடிகாரம், பணப்பை, காவலர், ஏமாளி ஆகியவற்றுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். அந்தச் சொற்களே கிடைத்தன. கடிகாரம் ‘போபோ’, அதாவது முட்டாள்; எளிதில் எடுக்க விட்டுவிடுவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஏமாறும் ஆள் ‘ஒத்தாரியோ’. காவலரும் சிறையும் ‘கானா’. இவை உண்மையிலேயே திருடர்கள் புழங்கிய சொற்கள்தான். ஆனால் உன் பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எந்தக் காவலரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘நோனா’ என்ற இத்தாலியச் சொல் கிடைத்திருக்கும்.

ஒரு பேச்சு ஒரு தொழிலுக்கு மட்டும் உரிய ரகசியமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் சொற்கள் எதைப் பற்றியவை, அவற்றைப் புழங்குபவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். லுன்ஃபார்தோவின் பெருந்தொகைச் சொற்கள் உணவு, உடம்பு, காசு, காதல், சோம்பல், வறுமை, நண்பர்கள் பற்றியவை. ஜெனோவாப் பேச்சிலிருந்து வந்த ‘மிஷியாதூரா’ என்றால் கையில் காசில்லாத நிலை. நேப்பிள்ஸிலிருந்து வந்த ‘யேத்தா’ என்றால் துரதிர்ஷ்டம். புழங்கியவர்களோ துறைமுகக் கூலிகள், தையல்காரர்கள், வண்டிக்காரர்கள், கடைச் சிப்பந்திகள். நகரமே அறிந்த பிறகு அது ரகசியமாகவும் இருக்க முடியாது. திருடரும் அதே முற்றங்களில் வாழ்ந்ததால் அதே சொற்களைப் பேசினார்கள். அவர்கள் தொழிலுக்கென்று சில சொற்கள் கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்தால்

ஒரு தாய் தன் மகனைப் பற்றி அண்டை வீட்டுக்காரியிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம்: ‘எல் பீபெ நோ கியேரெ லபுரார், தியேனெ ஃபியாக்கா, ப்ரெஃபியேரெ மோர்ஃபார் கோன் லோஸ் கோமியாஸ்.’ பையனுக்கு வேலை செய்ய மனமில்லை, சோம்பல் பிடித்திருக்கிறது, கூட்டாளிகளோடு உட்கார்ந்து தின்பதே அவனுக்குப் பிடிக்கும் என்று பொருள்.

இதில் ‘எல்’, ‘நோ’, ‘கியேரெ’, ‘தியேனெ’, ‘ப்ரெஃபியேரெ’, ‘கோன்’, ‘லோஸ்’ ஆகியவை ஸ்பானியம். வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதுதான். மீதி ஐந்து சொற்களே லுன்ஃபார்தோ. ‘பீபெ’ ஜெனோவாப் பேச்சிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ‘லபுரார்’, உழைத்தலைக் குறிக்கும் ‘லவொராரெ’ என்ற இத்தாலியச் சொல். வந்து சேர்ந்ததும் அது ஸ்பானிய வினைச்சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது: நான் உழைக்கிறேன் ‘லபூரோ’, நாங்கள் உழைக்கிறோம் ‘லபுராமோஸ்’. இந்த விகுதிகள் எல்லாம் ஸ்பானியத்தின் விகுதிகள். ‘மோர்ஃபார்’ பிரெஞ்சுக் கொச்சையிலிருந்து வந்தது. ‘கோமியா’ எந்த வெளிமொழியும் இல்லை. நண்பனைக் குறிக்கும் ‘அமீகோ’ என்ற ஸ்பானியச் சொல்லின் அசைகளைப் புரட்டிப் போட்டது.

‘ஃபியாக்கா’வின் பயணம் தனிக் கதை. எழுத்தாளர் ரொபெர்த்தோ ஆர்ல்ட் 1928-இல் ‘எல் முந்தோ’ நாளிதழில் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுதினார். ஜெனோவாக்காரரின் மளிகைக் கடையில் வேலை பார்த்த பையன்கள் வாயிலிருந்து இது தெருவுக்கு வந்தது என்றார். ஜெனோவாப் பேச்சில் இது உடம்பின் தளர்ச்சியைக் குறித்தது. சாப்பிடாமல் சோர்ந்து போவதையும் அப்படிச் சொன்னார்கள். பியூனஸ் அயர்ஸில் பசி நீங்கிச் சோம்பல் மட்டும் மிஞ்சியது. உடம்பில் குறை ஒன்றும் இல்லாமலே படுக்கையை விட்டு எழ மனம் வராத ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் ஃபியாக்கா.

இந்த ஒரு வாக்கியத்தை மேடைக்காரர் கேட்டால் ஸ்பானியம் தெரியாதவள் என்பார். ஆனால் அதில் ஓர் இலக்கணப் பிழையும் இல்லை. காவலர் கேட்டால் திருடன் வீடு என்பார். அதில் குற்றத்தைப் பற்றிய சொல் ஒன்றும் இல்லை. தூய்மைவாதி கேட்டால் ஸ்பானியம் அழிகிறது என்பார். அதில் ஸ்பானிய அமைப்பு ஓர் இழையும் அறவில்லை.

புரட்டிய சொல், புதிய பொருள்

அசைகளைப் புரட்டும் வழக்கத்துக்கு ‘வெஸ்ரெ’ என்று பெயர். ‘தலைகீழ்’ எனப் பொருள்படும் ‘ரெவேஸ்’ என்ற சொல்லையே தலைகீழாக்கிய பெயர் அது. ‘தாங்கோ’ என்ற நடனம் ‘கொதான்’ ஆகும். ‘கஃபே’ என்ற காபி ‘ஃபேக்கா’ ஆகும். பிறருக்குப் புரியாமல் பேசுவதற்கே இது என்று வெளியாட்கள் நினைத்தார்கள். ஆனால் பல புரட்டல்கள் பொருளையும் நகர்த்துகின்றன. ‘முஹேர்’ என்றால் பெண். புரட்டிய ‘ஹெர்மு’ பெரும்பாலும் மனைவியைக் குறிக்கும். ‘ஓத்தேல்’ என்றால் ஓட்டல்; ‘தேலோ’ என்றால் காதலர்கள் மணிக்கணக்கில் அறை எடுக்கும் இடம். ‘தேலோ’வில் தங்கியிருப்பதாக ஒரு வெளியூர்க்காரர் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் சிரிப்பு தெரியும்.

கடன் வாங்கிய சொற்களும் இப்படி நகர்ந்தன. இத்தாலியர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் ‘சாவ்’ என்பார்கள். பியூனஸ் அயர்ஸில் அது விடைபெற மட்டும். சாப்பிடுவதைக் குறித்த இத்தாலிய ‘மஞ்ஜாரெ’ இங்கே ‘மஞ்ஜார்’ ஆகி, ஒருவருடைய உள்நோக்கத்தைப் புரிந்துகொள்வதையும் குறித்தது. எல்லாவற்றிலும் வேடிக்கையானது ‘ஞோக்கி’. உருளைக்கிழங்கு மாவில் உருட்டிச் செய்யும் இந்த இத்தாலிய உணவை அர்ஜென்டினாவில் மாதத்தின் 29-ஆம் தேதி சாப்பிடுவது வழக்கம். மாதக் கடைசியில், சம்பளம் வாங்க மட்டும் அலுவலகத்தில் தலைகாட்டும் அரசு ஊழியருக்கும் அதே பெயர் வந்தது. இத்தாலியில் இருக்கும் எந்த அகராதியும் இந்தப் பொருளைச் சொல்லாது. பாதி கற்ற மொழியில் தடுமாறுபவர்களால் இப்படி ஒரு பொருளை உண்டாக்க முடியாது. உள்ளூர் வாழ்க்கையை நன்கு அறிந்து, அதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

எல்லாமே இத்தாலியமும் அல்ல. சிகரெட்டுத் துண்டைக் குறிக்கும் ‘பூச்சோ’ ஆண்டிஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழிச் சொல். அமளியைக் குறிக்கும் ‘கிலோம்போ’ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சொல். பேருந்தைக் குறிக்கும் ‘போந்தி’ பிரேசிலில் டிராம் வண்டிக்கு வழங்கிய சொல். கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்ததும் நகரத்தில் முன்பே இருந்ததும் ஒரே பாத்திரத்தில் கலந்தன.

இலக்கணக்காரரின் காது

1900-இல் லூசியன் அபெய் என்ற பிரெஞ்சுக்காரர், அர்ஜென்டினாவில் ஒரு புதிய தேசிய மொழி உருவாகிறது என்று நூல் எழுதினார். உடனே எர்னெஸ்தோ கெசாதா என்ற அறிஞர் எதிர்த்து எழுதினார். குடியேறிகளின் கலப்புப் பேச்சு ஸ்பானியத்தைக் கெடுக்கிறது, அதைத் தடுக்க வேண்டும் என்றார். ஒருவர் மகிழ்ந்தார், மற்றவர் அஞ்சினார். ஆனால் மொழியே மாறிவிடும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்று. 1941-இல் ஸ்பெயினைச் சேர்ந்த அறிஞர் அமேரிக்கோ காஸ்த்ரோ, பியூனஸ் அயர்ஸின் பேச்சில் சீர்குலைவு இருப்பதாக ஒரு முழு நூல் எழுதினார். எழுத்தாளர் போர்ஹெஸ் அதைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். லுன்ஃபார்தோவின் மீது போர்ஹெஸுக்கும் பெரிய பற்று இருந்ததில்லை. ஆனால் நாடகத்திலும் பாட்டிலும் இருப்பதை வைத்து ஊர் மக்களின் பேச்சை எடைபோடுவது தவறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சம் அரசின் கைக்குப் போனபோது விளைவு வேறாக இருந்தது. 1917-இல் கார்லோஸ் கார்தெல் ‘மி நோச்செ த்ரீஸ்தெ’ என்ற பாடலைப் பதிவு செய்ததிலிருந்து, தாங்கோ பாடல்களில் லுன்ஃபார்தோ செழித்திருந்தது. கார்தெலே பிரான்சில் பிறந்து குழந்தையாக வந்து சேர்ந்தவர். 1943 ஜூனில் ஆட்சியைப் பிடித்த ராணுவ அரசு, வானொலியில் தூய ஸ்பானியமே ஒலிக்க வேண்டும் என்று கெடுபிடி செய்தது. பாடலாசிரியர்கள் சொற்களை மாற்றினார்கள். சில பாடல்களுக்குத் தலைப்பே மாறியது. வீட்டிலும் தெருவிலும் பாடிய வரிகள் வானொலியில் அசட்டுத்தனமாக ஒலித்தன. 1949-இல் இசைக் கலைஞர்கள் அதிபர் பெரோனைச் சந்தித்து முறையிட்ட பின் கெடுபிடி தளர்ந்தது. அந்தச் சந்திப்பில் பெரோன், டிராமில் பணத்தைப் பறிகொடுத்த ஒரு நாடகாசிரியரிடம் அதைப் பற்றி லுன்ஃபார்தோவிலேயே விசாரித்ததாக ஒரு கதை வழங்குகிறது.

எஞ்சியது

1953-இல் ஹொசே கொபெய்யோ ‘லுன்ஃபர்தீயா’ என்ற நூலை வெளியிட்டார். குடியேற்றம் கொண்டுவந்த சொற்களை நகரத்து மக்கள் எடுத்து விளையாட்டாகவும் உணர்ச்சியோடும் புழங்கியதே லுன்ஃபார்தோ என்ற பார்வை அவர் எழுத்துகளால் வலுப்பெற்றது. 1962 டிசம்பரில் அவரும் நண்பர்களும் லுன்ஃபார்தோவுக்கென்றே ஓர் ஆய்வுக்கழகத்தை பியூனஸ் அயர்ஸில் நிறுவினார்கள். இன்று ‘லபுரார்’, ‘பீபெ’, ‘ஃபியாக்கா’ ஆகியவை ஸ்பெயினின் அரச மொழிக்கழக அகராதியில் இடம்பெற்றிருக்கின்றன.

சொற்களோடு பேச்சின் இசையும் தங்கிவிட்டது. 2004-இல் லௌரா கொலந்தோனி, ஹோர்ஹெ குர்லெக்கியான் ஆகிய இரு ஆய்வாளர்கள் பியூனஸ் அயர்ஸ் ஸ்பானியத்தின் குரல் ஏற்ற இறக்கத்தை அளந்து பார்த்தார்கள். அது மற்ற ஸ்பானிய வழக்குகளிலிருந்து விலகி, இத்தாலியப் பேச்சுகளை, குறிப்பாக நேப்பிள்ஸ் பேச்சை ஒத்திருந்தது. இத்தாலிய மூதாதையர் யாரும் இல்லாதவரும் அந்த நகரத்தில் வளர்ந்தால் அந்த ராகத்தில்தான் பேசுகிறார்.

பியட்மான்ட்டிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து அந்த நகரத்தில் வளர்ந்த போப் பிரான்சிஸ், 2013-இல் வெளியிட்ட ‘எவாஞ்செலீ கௌதியும்’ மடலில் ‘ப்ரிமெரெயார்’ என்று ஒரு சொல்லைப் புழங்கினார். மற்றவர் முந்துமுன் தான் முந்திக்கொள்வது என்று அதற்குப் பொருள். புதுச்சொல் என்பதற்கு மன்னிக்கும்படி மடலிலேயே கேட்டுக்கொண்டு எழுதினார். எந்த அவையில் பேசுகிறோம் என்று தெரிந்தே அவர் அந்தத் தெருச் சொல்லை எடுத்தார்.

பியூனஸ் அயர்ஸில் இன்றும் எல்லோரும் இதையே செய்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘த்ரபாஹோ’. வேலை கிடைத்ததை நண்பனிடம் சொல்லும்போது ‘லபூரோ’. இரண்டு சொல்லும் ஒருவருக்கே தெரியும். எது எங்கே என்பதும் தெரியும். பழைய மூன்று தீர்ப்புகளும் தவறவிட்டது இதைத்தான். மேடை கூடாரத்தில் கேட்டது, காவலர் சிறையில் கேட்டார், இலக்கணக்காரர் வானொலியில் கேட்டார். ஒவ்வொருவரும் தாம் கேட்ட இடத்தின் குணத்தைப் பேச்சின் குணமாக எழுதி வைத்தார்கள். அந்தப் பேச்சு பிறந்த முற்றத்தில் போய் நின்று யாரும் கேட்கவில்லை.